பதினான்கு வரிகளும் நான்கு சீர்களும்

ஒற்றசேகரமங்கலம், பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் சேர்த்துப் படித்து, பிறமொழிக் கவிதையை மொழிபெயர்க்க முனையும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



இத்தாலிய சானெட் ஒன்றைத் தமிழாக்க உட்காரும் எவருக்கும் முதல் அரைமணி நேரத்திலேயே ஒரு தகராறு வந்துவிடும். பொருளைப் பிடித்தால் ஓசை நழுவுகிறது. ஓசையைப் பிடித்தால் பொருள் வேறெங்கோ போகிறது. பெரும்பாலோர் அந்த இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ஒருவர் பதினான்கு வரியையும் உரைநடையாக உடைத்து அடுக்குகிறார். இன்னொருவர் வரிக்கடைசியில் ஒத்த ஓசை கிடைத்தால் போதும் என்று மூலத்தில் இல்லாத பூவையும் தென்றலையும் கொண்டுவந்து நிரப்புகிறார். இரண்டுக்கும் நடுவில் தமிழ் யாப்பிலேயே ஒரு வழி இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் பள்ளியில் மலையாளமும் வீட்டிலும் உறவிலும் தமிழுமாக உங்கள் காது இரண்டு யாப்புகளில் பழகியது. சானெட்டின் ஓசைச் சிக்கலை ஒரு மொழிக்குள் மட்டும் நின்று பார்ப்பவரைவிட இரண்டு மொழிக்கும் நடுவில் நிற்பவர் சீக்கிரம் புரிந்துகொள்வார். அதோடு, ஓசைக்காகப் பொருளைக் கைவிடலாமா என்ற வழக்கு உங்கள் பக்கத்து ஊரான திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்டு நூறாண்டுக்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் சானெட். பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பாதியில் சிசிலியில் இரண்டாம் பிரெடெரிக்கின் அவையில் இருந்த ஜாக்கோமோ தா லென்தீனி என்ற சட்ட எழுத்தர் இதைத் தொடங்கிவைத்ததாகக் கொள்கிறார்கள். பதினான்கு வரி, நான்கும் நான்கும் மூன்றும் மூன்றுமாக நான்கு துண்டு. பெட்ரார்க்கின் கையில் முதல் எட்டு வரிக்குப் பெரும்பாலும் இரண்டே இறுதி ஓசைகள். அவை முதல் வரிக்கும் நான்காம் வரிக்கும் ஒன்று, நடு இரண்டு வரிக்கும் இன்னொன்று என்று மாறிவந்து, அடுத்த நான்கு வரியில் அப்படியே திரும்பும். கடைசி ஆறு வரிக்கு வேறு இரண்டு அல்லது மூன்று ஓசைகள். எட்டாவது வரி முடிந்து ஒன்பதாவது தொடங்கும் இடத்தில் எண்ணம் திரும்பும். பெட்ரார்க்கின் தொகுப்பிலுள்ள 366 பாடல்களில் 317 சானெட்டுகள்.

வரிக்குப் பதினோரு அசைத்துடிப்பு. இந்தக் கணக்கில் தமிழ்க் காது தடுமாற வேண்டியதே இல்லை. ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இத்தாலியர்கள் இரண்டையும் ஒரே துடிப்பாக எண்ணுவார்கள். நாம் ‘விரையாது எழும்’ என்பதை ‘விரையா தெழும்’ என்று சேர்த்து அலகிடுகிறோமே, ஏறத்தாழ அதே பழக்கம். நம்முடைய குற்றியலுகரம் அங்கே கெட்டுவிடும். அவர்களுடைய உயிர் கெடாமல் பக்கத்து உயிரோடு ஒட்டி ஒலிக்கும். வேறுபாடு அவ்வளவுதான். நமக்கு இல்லாத ஒன்று அழுத்தம். பத்தாவது துடிப்பில் கட்டாயம் அழுத்தம் விழ வேண்டும். நான்காவதிலோ ஆறாவதிலோ இன்னொன்று விழ வேண்டும். தமிழ் யாப்பு அழுத்தத்தை எண்ணுவதில்லை. அதைத் தமிழுக்குள் கொண்டுவர முயல்வது வீண்வேலை.

பேச்சோடு நிற்காமல் ஒரு நாலு வரியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். எந்தக் கவிஞருடையதும் அல்ல, இந்தப் பயிற்சிக்கென்றே இத்தாலிய யாப்பில் புதிதாகக் கட்டியது:

லா பார்க்கா தோர்னா ஆ ரீவா கோன் லா சேரா,
ஏ சுல்லா சாப்பியா இல் வெக்கியோ கோன்தா இல் பேஷே;
லா லூனா தியேத்ரோ லி ஆல்பெரி ஓரா கிரேஷே
ஏ இன் காசா நாஷே லென்தா ஊனா பிரெகியேரா.

சொல்லுக்குச் சொல் பொருள்: படகு மாலையோடு கரைக்குத் திரும்புகிறது. மணலில் கிழவர் மீனை எண்ணுகிறார். மரங்களுக்குப் பின்னால் நிலா இப்போது வளர்கிறது. வீட்டுக்குள் மெதுவாக ஒரு செபம் பிறக்கிறது.

வரிக்கடைசிகளைக் கவனியுங்கள். சேரா, பேஷே, கிரேஷே, பிரெகியேரா. மாலை, மீன், வளர்தல், செபம். மூன்று பெயர்ச்சொல், ஒரு வினை. இத்தாலியத்தில் ஏறக்குறைய எல்லாச் சொல்லும் உயிரில் முடியும். பெயரும் வினையும் வரிக்கடைசியில் எளிதாக வந்து நிற்கும். அதனால் ஓசை ஒன்றுபடும் இரு சொற்கள் பொருளில் ஒன்றுக்கொன்று தொலைவாக இருக்க முடிகிறது. மீனும் வளரும் நிலாவும் ஓசையால் பக்கத்தில் வந்து நிற்கின்றன. மாலையும் செபமும் நாலு வரியின் இரு கரைபோல நின்று நடுவிலுள்ளதைச் சூழ்ந்துகொள்கின்றன. ஓசை இங்கே அலங்காரம் மட்டுமில்லை. எதை எதோடு சேர்த்து நினைக்க வேண்டும் என்று வாசகருக்குச் சொல்கிறது.

இப்போது அதே இடத்தில், அதாவது வரிக்கடைசியில், தமிழில் ஓசையைத் தேடிப் பாருங்கள். படகு திரும்புகிறது, கிழவர் எண்ணுகிறார், நிலா வளர்கிறது, செபம் பிறக்கிறது. தேடவே வேண்டாம், ஓசை தானாக வந்துவிட்டது. அதுதான் கோளாறு. முதல், மூன்றாம், நான்காம் வரிகள் ‘கிறது’ என்று ஒத்து ஒலிக்கின்றன. இரண்டாம் வரி மட்டும் கிழவருக்கு மரியாதை கொடுத்ததால் ‘கிறார்’ என்று விலகி நிற்கிறது. எந்த வரி எந்த வரியோடு சேர வேண்டும் என்பதைக் கவிஞர் முடிவுசெய்யவில்லை, திணையும் பாலும் முடிவுசெய்துவிட்டன. மலையாளத்தில் இது இன்னும் கடுமை. அங்கே வினைக்குத் திணை, பால், இட விகுதி இல்லை. வருந்நு, எண்ணுந்நு, வளருந்நு என்று நாலு வரியும் ஒன்றுபோல முடிந்துவிடும். எல்லா வரியும் ஒத்தால் எந்த வரியும் ஒத்ததாகக் காது கொள்ளாது.

பெயரைக் கடைசிக்குத் தள்ளி வினையை முன்னால் கொண்டுவரலாமே என்பீர்கள். கொண்டுவரலாம், தமிழ் அதற்கு இடம் தரும். திரைப்பாட்டில் இது ஓயாமல் நடக்கிறது. ஆனால் பதினான்கு வரியும் ‘வந்தது படகு, எண்ணினார் கிழவர்’ என்று தலைகீழாகவே போனால் படிக்கிறவருக்கு மூச்சுத் திணறும். ஒரு வரியில் அழகாக இருக்கும் மாற்று வரிசை பதினான்கு வரியில் நோயாகிவிடும்.

தமிழ் வாக்கியத்தின் கடைசியை வினை பிடித்துக்கொண்டதென்றால், தொடக்கம் யாருக்கும் சொந்தமில்லை. கரை, மணல், மரம், வீடு, மெதுவாக என்று எதையும் முதலில் வைக்கலாம். இயைபும் நம் தொடை வகைகளில் ஒன்றாக இருந்தும், பழம்பாடல்களில் எதுகையும் மோனையும் ஆண்டதற்கு இதுவே பெரிய காரணம் என்று இம்மடல் கருதுகிறது. பொருளின் கனம் எங்கே வந்து உட்கார முடியுமோ அங்கே ஓசையும் உட்கார்ந்தது. இத்தாலியருக்கு அது வரியின் வலது ஓரம். நமக்கு இடது ஓரம். இத்தாலியராகப் பிறந்த வீரமாமுனிவர் தேம்பாவணியை விருத்தத்தில், அடிதோறும் எதுகை வைத்துத்தான் பாடினார். தன் தாய்மொழியின் இறுதியோசையை அவர் தமிழின்மேல் சுமத்தவில்லை.

ஆகவே சானெட்டின் ஓசை அமைப்பை விட்டுவிடாமல், வரிக்கடைசியிலிருந்து வரித்தொடக்கத்துக்கு மாற்றுவதே இந்த மடலின் யோசனை. முதல் வரிக்கும் நான்காம் வரிக்கும் ஓர் எதுகை, நடு இரண்டுக்கும் வேறோர் எதுகை. அடிக்கு நான்கு சீர், பெரும்பாலும் ஈரசைச் சீர். அகவலின் நடை. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீய’த்துக்குப் பெரும்பாலும் இந்த நடையைத்தான் எடுத்தார். பேச்சுக்கு நெருக்கமாகவும், நீண்ட எண்ணத்தைத் தாங்கும் வலுவோடும் அது இருக்கிறது.

முதல் வரைவு இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்:

கரையை அணைந்தது மாலைப் படகு;
மணலில் முதியவர் மீனை எண்ணுவார்;
குணக்கே மரங்களின் பின்னே வளர்நிலா;
விரையா தெழுமொரு வீட்டுச் செபமே.

கரை, விரை. மணல், குணக்கு. அமைப்பு சரியாக விழுந்துவிட்டது. இத்தாலிய வரியில் எட்டுச் சொல், பதினோரு துடிப்பு. தமிழ் முதலடியில் நான்கே சொல், ஆனால் பன்னிரண்டு உயிரோசை. வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொல் குறைந்தும் நீளம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. நான்கு சீர் போதுமா என்ற கவலைக்கு இங்கே இடமில்லை. ‘ஓரா’, அதாவது ‘இப்போது’ என்ற சொல் தமிழில் விடுபட்டதற்கும் வருந்த வேண்டாம். மூலத்திலேயே அது துடிப்புக் கணக்கை நிரப்ப வந்த சொல். எந்தச் சானெட்டிலும் இத்தகைய நிரப்புச் சொற்கள் இருக்கும். மூலத்தை வாய்விட்டு அலகிட்டுப் படித்தவருக்கு அவை தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுவது பொருளுக்குத் துரோகமில்லை.

ஆனால் இந்த வரைவில் இரண்டு பழுது இருக்கிறது. இரண்டும் ஓசை செய்த பழுதுதான்.

ஒன்று ‘குணக்கே’. மூலத்தில் கிழக்கு என்ற பேச்சே இல்லை. மணலுக்கு எதுகை வேண்டி வந்த சொல் இது. பழஞ்சொல் என்பது சிறு குறை. பெரிய குறை வானத்தில் இருக்கிறது. மாலையில் வளர்பிறையின் மெல்லிய கீற்று மேற்கு வானத்தில்தான் தெரியும். பொழுது சாயும்போது கிழக்கே நிலா இருக்க வேண்டுமானால் அது பௌர்ணமியை நெருங்கிவிட்ட நிலாவாக இருக்க வேண்டும். மூலம் எந்தத் திதி என்று சொல்லவில்லை, எந்தத் திசை என்றும் சொல்லவில்லை. ‘குணக்கே’ என்ற ஒரே சொல் இரண்டையும் முடிவுசெய்துவிடுகிறது. அது மட்டுமல்ல, மரம் கிழக்கே என்றால் கடல் மேற்கே. பூவாற்றுக் கடற்கரையில் நிற்பவருக்கு அது இயல்பாகத் தோன்றும்; இத்தாலியின் கிழக்குக் கரையான அட்ரியாட்டிக் ஓரத்தில் அது நேர்மாறு. ஓர் எதுகைக்காகக் கடற்கரையையே இடம்மாற்றியாயிற்று.

இரண்டாவது பழுது ‘மாலைப் படகு’. மூலத்தில் படகு மாலை‘யோடு’ வருகிறது. இரண்டும் துணையாகச் சேர்ந்து கரைக்குத் திரும்புகின்றன. ‘மாலைப் படகு’ என்றதும் அது நேரத்தைக் குறிக்கும் அடைமொழியாகச் சுருங்கி, காலைப் பேருந்து, மாலைப் பேருந்து போலாகிவிடுகிறது. சீர்க் கணக்குக்காக ‘ஓடு’ போய்விட்டது, அதோடு முதல் வரியின் கவிதையும் போய்விட்டது. ‘மாலையுடன்’ என்று எழுதினால் அந்தச் சீர் மூவசையாக நீண்டு ஈரசை நடையைக் கெடுத்துவிடும். பொருளைக் காக்கும் வழியை வேறு இலக்கணத்தில் தேட வேண்டும். தமிழில் எண்ணும்மை இருக்கிறதே.

திருத்தியது:

கரைக்கு மாலையும் படகும் மீண்டன;
மணலில் முதியவர் மீனை எண்ணுவார்;
பிணைந்த மரங்களின் பின்னே வளர்நிலா;
விரையா தெழுமொரு வீட்டுச் செபமே.

‘மாலையும் படகும்’ என்றதில் ‘ஓடு’வின் பொருள் வேறு உருவில் திரும்பி வந்தது. ‘பிணைந்த’ மூலத்தில் இல்லை, கூடுதல்தான். ஆனால் அது மரங்களுக்கு ஒரு தோற்றம் கொடுக்கிறது. நேரத்தையோ திசையையோ யார் என்ன செய்கிறார் என்பதையோ தொடவில்லை. ணவும் ணையும் வருக்க எதுகை, காது ஏற்றுக்கொள்ளும். பிணைந்த, பின்னே என்று மோனையும் கூடுதலாகக் கிடைத்தது. நாலு வரிக்கு ஒரு கூடுதல் சொல் என்பது நியாயமான விலை. மொழிபெயர்ப்பாளர் அந்த விலையைத் தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

எதுகை நாலடிக்கும் ஒன்றாக இருப்பதுதானே நம் விருத்த வழக்கு, ஏன் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும் என்று உங்களில் மரபு படித்தவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. மூன்று வரி தள்ளி வரும் எதுகை காதில் மங்கித்தான் விழும். நாலடிக்கும் ஒரே எதுகை வைத்துப் பாருங்கள்:

அணைந்தது கரையை மாலைப் படகு;
மணலில் முதியவர் மீனை எண்ணுவார்;
பிணைந்த மரங்களின் பின்னே வளர்நிலா;
துணையாய் வீட்டில் ஒருசெபம் எழுமே.

ஓசை இதில்தான் நன்றாக விழுகிறது, மறுக்க முடியாது. ஆனால் முதல் வரியில் பழைய ‘மாலைப் படகு’ திரும்பிவந்துவிட்டது. அதைவிட, கடைசி வரியைப் பாருங்கள். ‘மெதுவாக’ போய்விட்டது, ‘துணையாய்’ வந்துவிட்டது. மூலத்தில் செபம் யாருக்கும் துணையாக எழவில்லை. அது பாட்டுக்கு எழுகிறது. மணலில் மீனை எண்ணும் கிழவருக்கு ஆறுதல் சொல்லும் வேலையை எதுகை தானாக ஏற்றுக்கொண்டுவிட்டது. கவிஞர் சொல்லாமல் விட்ட உணர்ச்சியை மொழிபெயர்ப்பு சொல்லிவிடுவது, தவறான சொல்லைப் போடுவதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது. படிக்க இனிமையாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இந்த இடத்தில் திருவனந்தபுரத்து வழக்கு நினைவுக்கு வர வேண்டும். மலையாளக் கவிதையில் நாலடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றிவருவதைத் துவிதீயாக்ஷரப் பிராசம் என்கிறார்கள். நம் அடியெதுகைதான் அது. கேரள வர்ம வலிய கோயித்தம்புரான் அதைக் கட்டாயமாகக் கொண்டார்; ‘மயூரசந்தேச’த்தில் விடாமல் கையாண்டும் காட்டினார். அவருடைய மருமகன் ஏ. ஆர். ராஜராஜவர்மா எதிர்ப்பக்கம் நின்றார். பிராசத்துக்காகப் பொருளைப் பலிகொடுக்கக் கூடாது என்பது அவர் கட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இதழ்களில் பெரும் விவாதமாக இது நடந்தது. கே. சி. கேசவ பிள்ளை பிராசக் கட்டு இல்லாமலே ‘கேசவீயம்’ என்ற மகாகாவியத்தை எழுதினார். உள்ளூர் பரமேசுவர ஐயர் பிராசத்தோடு ‘உமாகேரளம்’ எழுதினார். இரண்டும் நின்றன.

இந்த வழக்கில் ராஜராஜவர்மா பக்கமே நியாயம் கூடுதல் என்று இம்மடல் நினைக்கிறது, அதுவும் மொழிபெயர்ப்பில். சொந்தக் கவிதையில் எதுகை புதிய எண்ணத்தைக் கொண்டுவந்தால் கவிஞருக்கு லாபம். மொழிபெயர்ப்பில் அப்படி வரும் எண்ணம் இன்னொருவர் கணக்கில் எழுதப்படும் கடன். ஆனால் ஓசையை முழுக்கத் துறந்துவிடு என்ற முடிவுக்கும் போக வேண்டியதில்லை. இரண்டு இரண்டு வரியாகச் சேரும் எதுகைக்கு இரண்டு சொல் போதும். நாலடிக்கும் ஒன்றான எதுகைக்கு நாலு சொல் வேண்டும். தேவை இரட்டிக்கும்போது நிரப்புச் சொல் நுழையும் வாய்ப்பும் ஏறுகிறது. முதல் எட்டு வரியில் சூழ்ந்துவரும் எதுகையை இம்மடல் பரிந்துரைப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

கடைசி ஆறு வரியில் நிலைமை மாறுகிறது. இத்தாலியத்தில் அங்கே ஓசைகள் மூன்று வரி தள்ளித் தள்ளி வருவதுண்டு. முதல் எட்டு வரியில்போல நடுவில் உடனே சேரும் இணை இல்லாததால் எதுகைக்கு அது ஆகாது. தமிழ்க் காது அவ்வளவு நேரம் காத்திருக்காது. அகவல் வழக்கப்படி இரண்டிரண்டாகச் சேர்த்தாலோ மூன்றும் மூன்றுமாக நிற்க வேண்டியது இரண்டும் இரண்டும் இரண்டுமாகி, பதினோராம் வரிக்குப் பின் வரும் நிறுத்தம் அழிந்துவிடும். இதற்கு நம்மிடமே ஓர் உறுப்பு இருக்கிறது: ஆசிரியத் தாழிசை. மூன்றடி, அளவொத்த அடிகள். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் கண்ணனைப் பாடும் மூன்றடிப் பாட்டுகளை யாப்பு நூல்கள் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. மூன்றடிக்கு ஓர் எதுகை, அடுத்த மூன்றடிக்கு இன்னோர் எதுகை. சானெட்டின் கடைசி இரண்டு துண்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான அச்சு வேறில்லை. இங்கே மூன்று சொல் தேவைப்படும். ஆறு வரிதான் என்பதால் தாங்கும். அகவல் நடையில் எட்டு வரி, பிறகு இரண்டு தாழிசை. நடை மாறும் இடமே எண்ணம் திரும்பும் இடம். மூலத்தில் இறுதியோசைகள் மாறுவதும் சரியாக அதே இடத்தில்தான்.

துண்டுகளைக் காப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் பெட்ரார்க்கின் 190ஆம் பாடலில் பார்க்கலாம். முதல் நாலு வரியில் வெண்ணிறப் பெண்மான் ஒன்று, பொற்கொம்புகளோடு, இரண்டு ஆறுகளுக்கு நடுவே, ஒரு மரநிழலில் தென்படுகிறது. அடுத்த நாலில் பேசுபவர் எல்லா வேலையையும் விட்டு, புதையல் தேடும் கருமியைப் போல அதைப் பின்தொடர்கிறார். ஒன்பதாவது வரியில் பார்வை மானின் கழுத்துக்குப் போகிறது: வைரமும் புஷ்பராகமும் பதித்த எழுத்துகள், யாரும் தன்னைத் தொடக் கூடாதென்றும் தன் சீசர் தன்னைச் சுதந்திரமாக விட்டிருப்பதாகவும் சொல்கின்றன. கடைசி மூன்றில் உச்சிவேளை வந்துவிட்டது; பார்த்துப் பார்த்துக் களைத்த கண்கள் இன்னும் நிறையவில்லை; பேசுபவர் தண்ணீரில் விழுகிறார், மான் மறைகிறது. நான்கு துண்டு, நான்கு காட்சி. இவற்றை ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டால் ஓசை எவ்வளவு அழகாக இருந்தாலும் கவிதை கையில் நிற்காது.

இதிலேயே தொடக் கூடாத சொல் எது என்பதற்கும் விடை இருக்கிறது. மானின் கழுத்திலுள்ள தடைச்சொல், உயிர்த்தெழுந்த இயேசு மகதலேனா மரியாளிடம் சொன்ன சொல்லை நினைவூட்டுவது. உங்கள் ஊர்த் தேவாலயங்களில் உயிர்ப்புக் காலத்தில் நற்செய்தி கேட்டவருக்கு அது உடனே கேட்கும். எதுகைக்காக அந்தச் சொல்லை ‘நெருங்காதே’ என்றோ ‘அணுகாதே’ என்றோ மாற்றினால் அகராதிப்படி பெரிய பிழை இல்லை. ஆனால் அந்த எதிரொலி அறுந்துவிடும். அப்படிப்பட்ட சொற்களை முதலிலேயே குறித்துவைத்துக்கொண்டு, அவை நிற்கும் வரியை ஓசைக் கட்டாயத்திலிருந்து விடுவித்துவிட வேண்டும். பக்கத்து வரிதான் அதற்கு ஏற்ப வளைய வேண்டும்.

ஆங்கிலத்தில் தாமஸ் வையட் பதினாறாம் நூற்றாண்டில் இதே பாடலை எடுத்துத் தன்னுடையதாக்கினார். முதல் எட்டு வரியின் ஓசை அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டார். கடைசியில் ஈரடி ஒன்றைச் சேர்த்தார். ஆனால் வெண்மானின் காட்சி போய், களைத்துப்போன வேட்டைக்காரர் வந்தார். சீசர் விடுதலை செய்த மான், அங்கே சீசருக்குச் சொந்தமான மானாகிவிட்டது. எட்டாம் ஹென்றியின் அரசவையையும் ஆன் பொலினையும் மனத்தில் வைத்தே அது எழுதப்பட்டதென்று பலர் படிக்கிறார்கள். நல்ல கவிதை, ஆனால் மொழிபெயர்ப்பு இல்லை. வடிவத்தைக் கறாராகக் காத்தவர் பொருளையும் காத்திருப்பார் என்று நம்பிவிட முடியாது.

மொழிபெயர்ப்பாகவே செய்தவர்களில் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இத்தாலியத் தந்தையின் மகனான தாந்தே கேப்ரியல் ரொசெட்டி 1861இல் பழைய இத்தாலியக் கவிஞர்களை ஆங்கிலமாக்கி வெளியிட்டார். நல்ல கவிதையைக் கெட்ட கவிதையாக்கிவிடக் கூடாது என்பதே முதல் விதி, சொல்லுக்குச் சொல் என்பது அதற்குப் பிறகுதான் என்று முன்னுரையில் வாதிட்டார். ராபர்ட் டர்லிங் 1976இல் பெட்ரார்க்கின் பாடல்களை நேரான உரைநடையில் கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் இத்தாலிய மூலத்தை அச்சிட்டார். மூலம் கண்ணெதிரே இருப்பதால் அவருடைய உரைநடைக்கு ஓசைக்கடமை இல்லை. உங்களுக்கும் இதில் ஒரு தெளிவு உண்டு: மூலத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்கப் போகிறவருக்கா, தமிழ் மட்டும் கேட்கப் போகிறவருக்கா என்று முடிவுசெய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கூட்டத்தில் வாசிக்கப்போகும் தமிழுக்கு எதுகை வேண்டும். இரண்டு பத்தியாக அச்சிடும் தமிழுக்கு உரைநடை போதும்.

தமிழில் சானெட் புதிதும் அல்ல. பரிதிமாற் கலைஞர் 1901இல் வெளியிட்ட ‘தனிப்பாசுரத் தொகை’யின் பாடல்கள் சானெட்டை முன்மாதிரியாகக் கொண்டவை, ஜி. யு. போப் அவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சானெட் எழுதத் தமிழ் யாப்பு இடம் கொடுக்குமா என்ற கேள்விக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது. இத்தாலியத்திலிருந்து நேரே கொண்டுவருவதுதான் பாக்கி.

கடைசியாகச் சோதிக்கும் முறை. இது மற்ற இடங்களைவிட உங்கள் ஊரில் எளிது. முடித்த தமிழை, மூலத்தைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் என்ன நடக்கிறது என்று மலையாளத்தில் பேச்சாகச் சொல்லச் சொல்லுங்கள். ஓசை எல்லாம் அங்கே உதிர்ந்துவிடும். பொருள் மட்டும் நிற்கும். அதை மூலத்தின் நேர்பொருளோடு வரிவரியாக ஒப்பிட்டு, மூலத்தில் இல்லாததன் அடியில் கோடு போடுங்கள். கோடு விழுந்த சொல் அடைமொழியாக இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடலாம். அது ஒரு செயலாகவோ காரணமாகவோ திசையாகவோ நேரமாகவோ, அல்லது ‘துணையாய்’ போல ஓர் உணர்ச்சியாகவோ இருந்தால் அந்த வரியின் எதுகையைக் கலைத்துவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும். மேலே சொன்ன முதல் வரைவை இப்படிச் சோதித்திருந்தால், சொல்கிறவர் வாயிலிருந்து ‘கிழக்கு’ என்ற சொல் வந்த உடனே பழுது பிடிபட்டிருக்கும். ‘மாலைப் படகு’ பிடிபட்டிருக்காது, ஏனென்றால் அது கூடுதல் இல்லை, இழப்பு. இழப்பைப் பிடிக்கத் திசையை மாற்ற வேண்டும்: மூலத்தின் நேர்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் தமிழில் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். ‘ஓடு’வைத் தொட இடமில்லாமல் விரல் நிற்கும்போது அது தெரிந்துவிடும்.

இந்த முறை கைகொடுக்காத சானெட்டுகளும் உண்டு. ஒரே ஒலியுள்ள இரு சொற்களை வைத்து விளையாடுகிறவற்றில் எதுகை எந்த இடத்துக்குப் போனாலும் அந்த விளையாட்டு வராது. அவற்றுக்கு டர்லிங்கின் வழிதான்: நேரான உரைநடை, பக்கத்தில் மூலம், அடியில் ஒரு குறிப்பு. மற்றவற்றுக்கு எட்டு வரி அகவலும் இரண்டு தாழிசையும் கொண்டு தொடங்கிப் பாருங்கள். பெட்ரார்க்கின் 190ஐ முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. காட்சிகள் தெளிவாகப் பிரிந்திருப்பதால் எந்த இடத்தில் எதுகை பொருளை இழுக்கிறது என்பது அதில் சீக்கிரம் தெரியும். உங்களில் மலையாளத்தில் எழுதுகிறவர்கள் அதே பாடலைத் துவிதீயாக்ஷரப் பிராசத்தோடு ஒருமுறை, பிராசமில்லாமல் ஒருமுறை செய்து, இரண்டையும் தமிழோடு சேர்த்து ஒரே கூட்டத்தில் வாசிக்கலாம்.

அன்புடன்,
கவிதை மொழிபெயர்ப்பில் உங்கள் சக வாசகர்